20 பக்கத்திலிருந்து 4 பக்கத்துக்கு: ஒரு பார்சல் சர்வீஸின் எல்.ஆர். தேடல்

## பின்னணி

இது ஒரு லாரி பார்சல் சர்வீஸில் நடந்தது. சுமார் 120 கிளைகள். எல்லாவற்றுக்கும் தலைமை அலுவலகத்தில் ஒரே சர்வர். சரக்கு புக் செய்யும்போது கொடுக்கும் ரசீதை அந்தத் தொழிலில் எல்.ஆர். என்பார்கள். எல்.ஆர். நம்பரில் 10 இலக்கம் இருக்கும். முதல் மூன்றும் புக்கிங் கிளையின் எண், அடுத்த இரண்டும் வருடம், கடைசி ஐந்தும் அந்தக் கிளையில் அந்த வருடத்தின் வரிசை எண். வாடிக்கையாளர் டெலிவரி கவுன்டரில் ரசீதை நீட்டுவார், கவுன்டரில் இருப்பவர் நம்பரைத் தட்டுவார், சரக்கு வந்துவிட்டதா என்று திரை சொல்லும். பத்து வருடத்தில் சேர்ந்த பதிவுகள் ஏறக்குறைய 2 கோடி.

இதற்கான மென்பொருள் சி மொழியில் எழுதியது. டேட்டாபேஸ் எதுவும் கிடையாது. பதிவுகள் ஒரு கோப்பில், அவற்றைத் தேடுவதற்கான இண்டெக்ஸ் இன்னொரு கோப்பில். அந்த இண்டெக்ஸ் ஒரு இருகிளை மரம். ஒவ்வொரு முனையும் 32 பைட்: எல்.ஆர். நம்பருக்கு 8, பதிவு இருக்கும் இடத்துக்கு 8, இடது பிள்ளைக்கு 8, வலது பிள்ளைக்கு 8. பகலில் வரும் புதிய நம்பர்கள் கோப்பின் கடைசியில் சேரும். தினமும் இரவு 1 மணிக்கு மரம் முழுவதையும் சமநிலையாக்கி, வேரிலிருந்து அடுக்கடுக்காகப் புதிய கோப்பில் எழுதுவார்கள். 2 மணிக்கு பேக்கப் ஓடும்.

எழுதியவர் தெரியாமல் எழுதியவர் அல்ல என்பதைச் சொல்லிவிடுகிறேன். சமநிலையான இருகிளை மரத்தில் 2 கோடி நம்பர்கள் 25 அடுக்குக்குள் அடங்கிவிடும், 25 ஒப்பீட்டில் எதையும் கண்டுபிடிக்கலாம் என்பது அவர் கணக்கு. கணக்கில் தப்பில்லை.

## புகார்

காலை 9 மணியிலிருந்து 11 மணி வரை கவுன்டரில் ஒரு நம்பர் தட்டினால் பதில் வர 10 நொடி ஆகிறது. மதியத்துக்கு மேல் உடனே வருகிறது. இதுதான் புகார். நெட்வொர்க்கைச் சந்தேகப்பட்டு ஏற்கெனவே ஒரு லைனை மாற்றியிருந்தார்கள். மென்பொருளைப் பராமரித்துவந்த இளைஞர் என்னைக் கூப்பிட்டார். நான் போன காலையில் டெலிவரி கவுன்டரில் இருந்த பெண், "சார், பத்து மணிக்கு இங்க வந்து நின்னு பாருங்க, அப்புறம் பேசலாம்" என்றார். நின்று பார்த்தேன். அவர் சொன்னது மிகையில்லை.

## கண்டது

சர்வரில் `iostat -x 1` ஓடவிட்டதும் இரண்டு எண்கள் ஒன்றுக்கொன்று ஒத்துவராமல் நின்றன. டிஸ்க் 100 சதவீதம் வேலையில் இருப்பதாகக் காட்டியது. ஆனால் அது படித்துக் கொடுத்தது நொடிக்கு 320 கே.பி.தான். அதே டிஸ்க் ஒரு பெரிய கோப்பை வரிசையாகப் படித்தால் நொடிக்கு 150 எம்.பி. கொடுக்கும். மூச்சு முட்ட வேலை செய்கிறது, ஆனால் கிட்டத்தட்ட ஒன்றையும் தூக்கவில்லை.

அது நிமிடத்துக்கு 7,200 சுற்று சுழலும் சாதாரண ஹார்ட் டிஸ்க். தட்டு ஒரு சுற்று சுற்ற 8.3 மில்லி நொடி ஆகும். வேண்டிய இடம் தலைக்குக் கீழே வந்து சேர சராசரியாக அதில் பாதி. அதற்கு முன்னால் கை சரியான வட்டத்துக்கு நகர வேண்டும், அதற்கு ஒரு 8 மில்லி நொடி. ஆக ஒவ்வொரு தாவலுக்கும் 12 மில்லி நொடி, நொடிக்கு 80 தாவல். ஒவ்வொரு தாவலிலும் 4 கே.பி. பக்கம் ஒன்றைத் தூக்கினால் 320 கே.பி. கணக்கு நேராக வந்து உட்கார்ந்தது.

அப்படியானால் ஒரு தேடலுக்கு எத்தனை தாவல்? `strace` போட்டு ஒரே ஒரு நம்பரைத் தேடச் சொன்னோம்.

```
pread64(7, ..., 32, 0)   = 32
pread64(7, ..., 32, 64)  = 32
pread64(7, ..., 32, 192) = 32
pread64(7, ..., 32, 416) = 32
```

இப்படியே 25 வரி வரை போனது. வரியின் கடைசி எண், கோப்பில் எந்த இடத்தில் படிக்கிறது என்பதைச் சொல்கிறது. ஒவ்வொரு வரியிலும் அது ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது. முதல் 7 அடுக்குகளில் மொத்தம் 127 முனைகள்தான். அவை 4 கே.பி. பக்கம் ஒன்றுக்குள் அடங்கிவிடும். எட்டாவது அடுக்கிலிருந்து ஒவ்வொரு அடுக்கும் வேறு வேறு பக்கம். ஆக இண்டெக்ஸில் 1 + 18 = 19 பக்கம், அப்புறம் பதிவு இருக்கும் பக்கம் ஒன்று. மொத்தம் 20 தாவல், 240 மில்லி நொடி. மென்பொருள் ஒரு நேரத்தில் ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்லும் என்பதால் நொடிக்கு 4 தேடலுக்கு மேல் முடியாது. 120 கிளைகளும் காலையில் ஒன்றாகத் திறக்கும்போது வரிசை நீளாமல் என்ன செய்யும்?

காலையில் மட்டும் ஏன் என்பதற்குப் பதில் இரவு வேலையில் இருந்தது. 1 மணிக்குப் புதிய இண்டெக்ஸ் கோப்பு உருவாகிறது. யாரும் இன்னும் தொடாத கோப்பு. 2 மணிக்கு ஓடும் பேக்கப் நூற்றுக்கணக்கான ஜி.பி.யைப் படித்து, ரேமில் இருந்த அந்த 640 எம்.பி. இண்டெக்ஸை வெளியே தள்ளிவிடுகிறது. காலையில் ஒவ்வொரு பக்கமும் டிஸ்கிலிருந்து ஒவ்வொன்றாக ஏறி வர வேண்டும். மதியத்துக்குள் பெரும்பாலானவை ஏறிவிடும், புகாரும் ஓய்ந்துவிடும்.

போகிற போக்கில் இன்னொன்றும் பார்த்தோம். ஒரு கிளையின் நம்பர்கள் ஏறுவரிசையில் வருவதால், அன்றைக்குப் புக் ஆனவை மரத்தில் வலது, வலது, வலது என்று சங்கிலியாகத் தொங்கின. சாயங்காலத்தில் ஒரு கிளைக்கு 50, 60 முனை நீளம். ஆனால் இப்போதுதான் எழுதியவை என்பதால் அவை ரேமிலேயே இருந்தன, யாருக்கும் தெரியவில்லை.

## முதலுதவி

அன்று இரவே ஒரு வரி சேர்த்தோம். பேக்கப் முடிந்ததும், காலை 6 மணிக்கு:

```
cat lr.idx > /dev/null
```

640 எம்.பி. கோப்பை முதலிலிருந்து கடைசிவரை வரிசையாகப் படித்தால் அது ரேமில் ஏறிவிடும். இதற்கு ஆனது 5 நொடிக்கும் குறைவு. யோசித்துப் பாருங்கள்: 2 கோடி முனைகளையும் வரிசையாகப் படிக்கும் நேரத்தில், தாவித் தாவிப் படித்தால் 20 தேடலைத்தான் முடிக்க முடியும். இந்த டிஸ்கில் செலவு படிப்பதில் இல்லை, போய்ச் சேருவதில் இருக்கிறது.

மறுநாள் காலைப் புகார் நின்றது. முதலாளி சந்தோஷப்பட்டார், நானும் கிளம்பிவிட்டேன். இரண்டு வாரம் கழித்து, மரத்தை மறுபடி கட்டிக்கொண்டிருந்த நேரத்தில் கரண்ட் போய், யு.பி.எஸ்ஸும் கைவிட்டது. பாதி எழுதிய இண்டெக்ஸோடு காலை விடிந்தது. கட்டி முடிக்கும் வரை எந்தக் கிளையிலும் ஒரு எல்.ஆரும் தேட முடியவில்லை. அதற்குப் பிறகுதான் மாற்றுவது என்று முடிவானது.

## முடிவும் காரணமும்

எஸ்.எஸ்.டி. போட்டால் போதாதா என்று முதலாளி கேட்டார். வேகத்துக்கு நிச்சயம் போதும். தாவலுக்கு 12 மில்லி நொடி என்பது அதில் ஒரு மில்லி நொடிக்கும் மிகக் கீழே வந்துவிடும். ஆனால் கரண்ட் போனால் இண்டெக்ஸ் உடையும் என்பது அப்படியே இருக்கும்.

இளைஞருக்கோ, ஒரு முனையில் ஒரு நம்பருக்குப் பதில் ஒரு பக்கம் நிறைய நம்பர்களை வைக்கும் பி-ட்ரீ என்ற மரத்தை நாமே எழுதிவிடலாம் என்று ஆசை. தேடும் பகுதியை ஒரு நாளில் எழுதலாம், உண்மைதான். ஒரு பக்கம் நிரம்பும்போது அதை இரண்டாகப் பிளந்து, நடு நம்பரை மேல் பக்கத்தில் சேர்க்க வேண்டும். பிளந்தாயிற்று, மேலே இன்னும் சொல்லவில்லை என்ற இடத்தில் கரண்ட் போனால் என்ன ஆகும்? நமக்கு வந்த பிரச்சினையே அதுதான். "தம்பி, அதை எழுதி முடிக்க உனக்கு ஆறு மாசம் ஆகும், நம்ப எனக்கு ஒரு வருஷம் ஆகும்" என்றேன். பி-ட்ரீயும், கரண்ட் போனால் மீளும் வசதியும் ஏற்கெனவே உள்ள போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸுக்கு மாறினோம்.

மாற்றத்தின் சாரத்தை அவருக்குக் காகிதத்தில் போட்டுக் காட்டினேன். டிஸ்க் ஒரு இடத்துக்குப் போகவே 12 மில்லி நொடி எடுக்கிறது. போன பிறகு 32 பைட் படிப்பதற்கும் 8 கே.பி. படிப்பதற்கும் வித்தியாசம் 0.05 மில்லி நொடி. அவ்வளவு தூரம் போய் ஒரே ஒரு நம்பரைப் பார்த்துவிட்டு, இடமா வலமா என்று மட்டும் தெரிந்துகொண்டு திரும்புவது வீண். ஒரு முனையை ஒரு பக்கத்தின் அகலத்துக்கு விரித்துவிட்டால், ஒரே பயணத்தில் சில நூறு நம்பர்களைப் பார்த்து, சில நூறு வழிகளில் எது என்று தீர்மானிக்கலாம்.

போஸ்ட்கிரெஸில் பக்கம் 8 கே.பி. 8 பைட் எண் ஒன்றுக்கு இண்டெக்ஸில் 20 பைட் ஆகிறது. புதிதாகக் கட்டும்போது மரத்தின் கடைசி அடுக்கான இலைப் பக்கங்களை 90 சதவீதம் நிரப்புகிறது, ஒரு இலையில் 366 நம்பர்கள். மேல் பக்கங்களை 70 சதவீதம்தான் நிரப்புகிறது, ஒன்றில் சுமார் 285. இனி 2 கோடியை வகுத்துக்கொண்டே போனால் சரி: இலைகள் ஏறக்குறைய 54,650, அவற்றைச் சுட்டும் நடுப் பக்கங்கள் 192, அவற்றைச் சுட்ட ஒரே ஒரு வேர். மூன்றே அடுக்கு.

இளைஞர் இங்கே ஒரு நல்ல கேள்வி கேட்டார்: "ஒரு பக்கத்துக்குள்ள 300 நம்பர் இருக்கே, அதுல தேட நேரம் ஆகாதா?" பக்கத்துக்குள் நம்பர்கள் வரிசையாக இருப்பதால் நடுவில் பிளந்து தேடலாம், 8, 9 ஒப்பீடு போதும். மூன்று பக்கத்துக்கும் கூட்டினால் 25 வருகிறது. பழைய மரத்திலும் 25தான்! ஒப்பீடுகளில் ஒன்றுகூடக் குறையவில்லை. முன்பு 25 ஒப்பீடும் 19 பக்கங்களில் சிதறிக்கிடந்தன, இப்போது 3 பக்கங்களில் குவிந்திருக்கின்றன. ரேமில் ஒரு ஒப்பீடு மிகச் சொற்பமான நேரம் என்பதால் அதன் எண்ணிக்கை இங்கே பொருட்டே இல்லை.

அப்படியானால் பக்கத்தை 1 எம்.பி. ஆக்கினால் இன்னும் நல்லதா என்றும் கேட்டார். ஆக்கினால் இரண்டு அடுக்கில் முடியும். ஆனால் மிச்சமாகும் அந்த அடுக்கு எப்படியும் ரேமிலேயே இருக்கப்போவது. டிஸ்கில் ஒரு தாவலும் குறையாது. பதிலுக்கு ஒவ்வொரு இலையையும் படிக்க 7 மில்லி நொடி கூடும், ஒரு நம்பருக்காக 1 எம்.பி. ரேம் போகும், ஒரு புதிய எல்.ஆர். சேர்த்தாலும் 1 எம்.பி. திரும்ப எழுத வேண்டும். போகும் செலவுக்கு முன்னால் படிக்கும் செலவு கண்ணில் படாத அளவுக்கு இருக்கும் வரைதான் அகலம் லாபம்.

## மாற்றிய பிறகு

பதிவுகளை ஏற்றிவிட்டு இண்டெக்ஸ் கட்டினோம். அளவு 428 எம்.பி. சர்வரை ஒருமுறை அணைத்துப் போட்டு, வேறு சில நம்பர்களைத் தேடிய பிறகு இதை ஓட்டினோம்.

```sql
CREATE UNIQUE INDEX lr_no_idx ON lr (lr_no);

EXPLAIN (ANALYZE, BUFFERS)
SELECT * FROM lr WHERE lr_no = 4172308812;
```

```
Index Scan using lr_no_idx on lr
  Index Cond: (lr_no = '4172308812'::bigint)
  Buffers: shared hit=2 read=2
```

நான்கு பக்கம். வேரும் நடுப் பக்கமும் முந்தைய தேடல்களால் ஏற்கெனவே ரேமில் இருந்தன. இலையும் பதிவும் மட்டும் உள்ளே வந்தன. புதிய இணைப்பில் முதல் கேள்வி என்றால் ஒரு பக்கம் கூடுதலாகக் காட்டும். வேர் எங்கே இருக்கிறது என்று எழுதியிருக்கும் பக்கம் அது. எங்கள் இளைஞர் அந்த ஒன்றைத் தேடி ஒரு மதியத்தைச் செலவழித்தார்.

வேரும் நடுப் பக்கங்களும் சேர்ந்தே 193 பக்கம், 1.5 எம்.பி. ஒவ்வொரு தேடலும் இவற்றின் வழியாகத்தான் போகிறது என்பதால் இவை ரேமை விட்டு வெளியேற வாய்ப்பே குறைவு. ரேமில் வேறெதுவும் ஏறியிராத காலையிலும் ஒரு தேடலுக்கு இரண்டு தாவல், 24 மில்லி நொடி. முன்பைவிடப் பத்து மடங்கு குறைவு, அதே டிஸ்கில். இரவில் மரத்தைக் கட்டும் வேலையே இல்லாமல் போனது. பேக்கப் எடுக்கும் `pg_dump` இண்டெக்ஸைத் தொடுவதில்லை. பெரிய அட்டவணையை முழுதாகப் படிக்கும்போதும் போஸ்ட்கிரெஸ் தன் ரேமில் ஒரு சிறு வளையத்தைத்தான் அதற்கு ஒதுக்குகிறது, மற்றதைத் தள்ளிவிடுவதில்லை.

பி-ட்ரீயை போயிங் ஆய்வகத்தில் இருந்த ருடால்ஃப் பேயரும் எட்வர்ட் மெக்ரைட்டும் 1972இல் கட்டுரையாக வெளியிட்டார்கள். 2311 என்ற ஐ.பி.எம். டிஸ்கில் 1,00,000 சாவிகளை, அதாவது தேடும் எண்களை, வைத்து நொடிக்குக் குறைந்தது 4 செயல்கள் என்று அதில் அளந்து சொல்கிறார்கள். 50 வருடம் கழித்து, மாற்றுவதற்கு முன் எங்கள் காலை நேர வேகமும் அதே 4தான். சாவிகள் எங்களிடம் 200 மடங்கு அதிகம் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம்.

## கடைசி ஐந்து இலக்கம்

மாற்றிய மூன்றாவது வாரம் ஒரு கோரிக்கை வந்தது. பலர் ரசீதைக் கொண்டுவருவதில்லை; நம்பரின் கடைசி ஐந்து இலக்கத்தை மட்டும் சொல்கிறார்கள். அதை வைத்துத் தேட வேண்டும். பி-ட்ரீயில் வரிசை முதல் இலக்கத்திலிருந்துதான் போகிறது. கடைசி இலக்கங்களுக்கு இருக்கும் இண்டெக்ஸ் உதவாது. அதனால் தனியாக ஒன்று கட்டினோம்.

```sql
CREATE INDEX lr_tail_idx ON lr ((lr_no % 100000));
```

2 கோடியை 1 லட்சத்தால் வகுத்தால் ஒரு ஐந்து இலக்கத்துக்கு 200 பதிவு என்று இளைஞர் கணக்குப் போட்டார். நானும் தலையாட்டினேன். அது தப்பு. வரிசை எண் ஒவ்வொரு கிளையிலும் ஒவ்வொரு வருடமும் 1இலிருந்து தொடங்குகிறது, சராசரிக் கிளை வருடத்துக்கு 17 ஆயிரத்தைத் தாண்டுவதில்லை. ஆகவே 08812 என்ற வால் 120 கிளைகளில், 10 வருடங்களில், கிட்டத்தட்ட எல்லா இடத்திலும் இருந்தது. `EXPLAIN` காட்டியது:

```
Heap Blocks: exact=1140
```

மரத்தில் இறங்கியது மூன்று பக்கம்தான். இலையில் கிடைத்த 1,140 முகவரிகளும் 1,140 வெவ்வேறு பக்கங்களைக் காட்டின. அவற்றை டிஸ்கில் இருக்கும் வரிசையில் எடுப்பதால் தாவல்கள் குட்டையானவை, அப்படியும் ரேமில் எதுவும் ஏறியிராத காலையில் பதில் வர 8, 9 நொடி. பழைய புகாரை நாங்களே காசு கொடுத்துத் திரும்ப வாங்கியது போல ஆயிற்று. இண்டெக்ஸ் சில பக்கங்களில் முடிகிறது என்பது சரியான இலைக்குப் போய்ச் சேரும் வரைக்குமான பேச்சு. அங்கிருந்து எத்தனை பதிவுகளை எடுக்கப்போகிறோம் என்பது வேறு கணக்கு.

தேதியையும் சேர்த்து இண்டெக்ஸ் கட்டலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது கவுன்டர் பெண்தான் சொன்னார்: "எந்த ஊர்ல இருந்து வருதுன்னு கேட்டா எல்லாரும் சொல்லுவாங்க சார்." ஊர் தெரிந்தால் கிளை எண் தெரியும். வருடம் இந்த வருடம் அல்லது போன வருடம். முழு நம்பரையே கட்டிவிடலாம்:

```sql
SELECT * FROM lr WHERE lr_no IN (4172308812, 4172208812);
```

முதல் இண்டெக்ஸில் இரண்டு முறை இறக்கம், பதிவுகளோடு சேர்த்து 8 பக்கம். `lr_tail_idx` நீக்கப்பட்டது. திரையில் ஊர் கேட்கும் பெட்டி ஒன்று கூடியது.

## ஒரு வருடம் கழித்து

20 லட்சம் புதிய பதிவுகளுக்குப் பிறகு `pgstatindex` ஓட்டிப் பார்த்தோம். இலைகள் சராசரியாக எத்தனை சதவீதம் நிரம்பியிருக்கின்றன என்று சொல்லும் `avg_leaf_density` 90இலிருந்து 84க்கு இறங்கியிருந்தது. காரணம் நம்பரின் அமைப்பு. ஒவ்வொரு கிளையும் மரத்தின் நடுவில் தனக்கென ஒரு இடத்தில் வளர்கிறது. அங்கே ஒரு இலை நிரம்பியதும் பாதிக்குப் பாதியாகப் பிளக்கிறது. நம்பர்கள் ஏறிக்கொண்டே போவதால் இடது பாதிக்குப் பிறகு எதுவும் வருவதில்லை. அது கடைசிவரை பாதியாகவே நிற்கும்.

மறுபடி கட்டலாமா என்று இளைஞர் கேட்டார். வேண்டாம் என்றேன். எல்லா இலைகளும் பாதிதான் நிரம்பியிருக்கின்றன என்று வைத்துக்கொண்டால்கூட இலைகள் 1 லட்சத்துச் சொச்சம். அப்போதும் வேரில் இடம் போதும், மூன்று அடுக்கு மாறாது. என்றாவது நான்காவது அடுக்கு வந்தாலும் அது மேலே வருவது, ரேமில் நிற்பது.

## வேறு மாதிரி செய்திருக்கக் கூடியவை

`cat` வரியால் புகார் நின்ற அன்றே நான் கிளம்பியிருக்கக் கூடாது. இரவில் கட்டும் மரம் பாதியில் நின்றால் என்ன ஆகும் என்று கேட்டிருந்தால் அந்த ஒரு காலை மிஞ்சியிருக்கும். குறைந்தபட்சம் புதிய கோப்பை வேறு பெயரில் எழுதி, முடிந்த பிறகு பெயர் மாற்றும்படி செய்திருக்கலாம். பத்து நிமிட வேலை அது.

வால் இண்டெக்ஸ் விஷயத்தில், கட்டுவதற்கு முன்னால் இதை ஒருமுறை ஓட்டியிருக்க வேண்டும்:

```sql
SELECT lr_no % 100000 AS tail, count(*)
FROM lr GROUP BY 1 ORDER BY 2 DESC LIMIT 5;
```

எஸ்.எஸ்.டி.யும் பின்னால் வாங்கினார்கள், ஆனால் பில்லிங் அறிக்கைகளுக்காக. எல்.ஆர். தேடல் 24 மில்லி நொடியிலிருந்து இன்னும் கீழே போனதைக் கவுன்டரில் யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.